கட்டுரையின் மைய வாதம்: ‘வர்க்கம் கல்வியைப் பாதிக்கிறது’ என்று எழுதினால் போதாதாம், அப்போ எதை எழுதுவது?

கொக்கட்டிப்பூ | செவ்வாய், இரவு 9.12

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். நான் கலைப்பீடம் முதலாம் வருடம். சமூகவியலில் 1500 சொல்லுக்கு ஒப்படை ஒன்று தந்திருக்கிறார்கள். கேள்வி இதுதான்: “பிள்ளையின் பாடசாலைக் கல்வி அடைவைச் சமூக வர்க்கம் எந்தளவுக்குத் தீர்மானிக்கிறது? ஆராய்க.”

முன்னுரையை மட்டும் எழுதிக் காட்டச் சொன்னார்கள். கடைசி வரியாக இப்படி எழுதினேன்: “சமூக வர்க்கத்துக்கும் பாடசாலைக் கல்வி அடைவுக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.” சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், “இது தலைப்பு. தீசிஸ் ஸ்டேட்மென்ட் எங்கே?”

சரியென்று மாற்றினேன்: “சமூக வர்க்கம் பிள்ளைகளின் கல்வி அடைவில் பெரும் செல்வாக்குச் செலுத்துகிறது.” அதற்கு வந்த குறிப்பு: “யார் இல்லை என்றது?” அவ்வளவுதான். வேறு ஒன்றும் எழுதவில்லை. வரும் திங்கள் கொடுக்க வேண்டும். உயர்தரத்தில் நாங்கள் முன்னுரை, உடல், முடிவுரை என்றுதான் எழுதினோம், இப்படி ஒன்றை யாரும் கேட்டதே இல்லை. என்ன செய்யலாம்?

நாலாம்வருசம் | செவ்வாய், இரவு 9.30

தங்கச்சி, முதலாம் வருடத்திலேயே தீசிஸ் கேட்கிறார்களா? எங்களுக்கு இறுதி வருடத்தில்தான். முதலில் மேற்பார்வையாளர் ஒருவரைப் பிடியுங்கள். பிறகு வினாக்கொத்துத் தயாரித்து, ஒரு கிராம சேவகர் பிரிவை எடுத்து, 50 வீட்டிலாவது தரவு சேகரிக்க வேண்டும். நான் வாகரைப் பக்கம் எடுத்தேன். மழைக்கு முன்னர் போய்வருவது நல்லது. திங்களுக்குள் முடிக்கச் சொல்வது அநியாயம், பட்ச் பிரதிநிதியிடம் சொல்லி நாள் கேளுங்கள்.

மறுகா | செவ்வாய், இரவு 9.34

அண்ணன் தங்கச்சியை வாகரைக்கே அனுப்பிவிட்டார். மறுகா?

கொக்கட்டிப்பூ | செவ்வாய், இரவு 9.41

இல்லை அண்ணா, ஆய்வேடு இல்லை. முன்னுரையில் வருகிற ஒரு வரி. கட்டுரை முழுக்க எதை நிறுவப் போகிறேன் என்று அந்த வரி சொல்ல வேண்டுமாம். அதையும் தீசிஸ் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது.

சாய்ந்தமருதான் | செவ்வாய், இரவு 10.05

தங்கச்சி, இது சின்ன விசயம். நான் பட்டம் முடித்து இப்போது படிப்பிக்கிறேன், எங்களுக்குச் சொல்லித்தந்த முறை இது: மூன்று காரணத்தை எடுத்து ஒரே வரியில் போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி. உதாரணமாக, “பொருளாதார வசதி, பெற்றோரின் கல்வி, வீட்டு மொழி ஆகிய மூன்றின் ஊடாகச் சமூக வர்க்கம் கல்வி அடைவைத் தீர்மானிக்கிறது.” பார்த்தீர்களா, கட்டுரைக்கு வரைபடமே கிடைத்துவிட்டது.

அதோடு பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவைக் கட்டாயம் போடுங்கள். ஏழைப் பிள்ளைகளிடம் கலாசார மூலதனம் இல்லை, அதனால் அவர்கள் பின்தங்குகிறார்கள் என்பது அவருடைய கோட்பாடு. பேரைக் கண்டாலே புள்ளி வரும்.

வட்டவிதானை | புதன், காலை 6.20

சாய்ந்தமருதான் சேர் சொன்ன வரி, தங்கச்சியின் இரண்டு வரியையும் விட மேல். அதில் குறைந்தது மூன்று வழி தெரிகிறது. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சந்தையில் பரப்பிவைத்த மாதிரிக் கிடக்கின்றன. பணமும் பெற்றோரின் கல்வியும் என்ன உறவு? ஒன்று மற்றதைத் தூக்குகிறதா, ஒன்று இல்லாத இடத்தில் மற்றது ஈடு செய்கிறதா? அந்த உறவைச் சொன்னால்தான் அது வாதம். இல்லாவிட்டால் சாமான் பட்டியல். நான் சில வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்து இந்தத் தலைப்பில் கட்டுரைகள் திருத்தியிருக்கிறேன். பாதிக்கு மேல் இந்த மூன்று காரணம் போடும் வகைதான். மூன்றாவது பந்தி வரும்போது எழுதியவருக்கே முதலாவது மறந்துபோயிருக்கும்.

“யார் இல்லை என்றது?” என்ற குறிப்பைத் திட்டு என்று எடுக்க வேண்டாம் தங்கச்சி. சோதனை முறையே அதுதான். உங்கள் வரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: “வர்க்கம் கல்வி அடைவில் எந்தச் செல்வாக்கும் செலுத்துவதில்லை.” இந்தப் பக்கத்தில் நிற்கச் சமூகவியல் படித்த ஒருவரும் வரமாட்டார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வரியை நிறுவ 1500 சொல் எதற்கு? மறுப்பவருக்கும் ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும். அப்படி ஒரு வரி வேண்டும்.

கேள்வியை இன்னொரு தடவை பாருங்கள். தீர்மானிக்கிறதா என்று கேட்கவில்லை, எந்தளவுக்கு என்று கேட்கிறார்கள். அதற்குப் “பெரும்” என்று ஒரு சொல்லால் பதில் சொல்லிவிட்டீர்கள். எந்த இடத்தில் கூட, எந்த இடத்தில் குறைய, எந்த வழியாக என்பதுதான் பதில்.

கோட்பாட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஊரில் ஏறக்குறைய ஒரே அளவு பணம் உள்ள இரண்டு வீடு, அல்லது பணம் கூடிய வீட்டுப் பிள்ளை பின்னுக்கு நின்ற ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறதா? அதை எழுதுங்கள், பார்ப்போம்.

கொக்கட்டிப்பூ | புதன், பிற்பகல் 1.15

இருக்கிறது சேர். நான் படுவான்கரை. எங்கள் மாமாவுக்கு எட்டு ஏக்கர் வயல், சொந்த உழவு இயந்திரம். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாடகைக்கும் ஓடும். இரண்டு வளவு தள்ளி ஒரு ஆசிரியர் குடும்பம், அவர் சம்பளத்தில்தான் எல்லாம். காசு என்று பார்த்தால் மாமா வீடுதான் மேல். மாமாவின் மகனும் அவர்களின் மகளும் ஒரே பாடசாலை, ஒரே வகுப்பு. தரம் 5 புலமைப்பரிசிலில் அவள் வெட்டுப்புள்ளிக்கு மேல், மச்சான் நன்றாகக் கீழே.

மாமா செலவழிக்காமல் விடவில்லை. இரண்டு ரியூசன், கண்ட வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் புத்தகங்களில் முதல் பத்துப் பக்கத்தில்தான் பேனை பட்டிருக்கும். அந்த வீட்டில் அப்படி இல்லை. நான் பின்னேரங்களில் போயிருக்கிறேன். அந்த அம்மா சமைத்துக்கொண்டே கடந்தகால வினாத்தாளை வாசிக்கச் சொல்லுவா. பிள்ளை சரியான விடை சொன்னாலும் விடமாட்டா. “மற்ற இரண்டும் ஏன் பிழை?” என்று கேட்பா.

பெற்றோர் கூட்டத்துக்கு மாமா அம்மம்மாவைத்தான் அனுப்புவார். போனால் கதைக்கத் தெரியாது என்பார். “சேர்மார் சொன்னால் சரிதானே” என்பது அவரது பேச்சு. தரம் 6க்கு டவுன் பாடசாலைக்கு எப்போது எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இதை வைத்து இப்படி எழுதினேன்: “தொழிலாளர், விவசாயக் குடும்பப் பெற்றோர் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை காட்டாததால் அவர்களின் அடைவு குறைகிறது.” சரியா சேர்?

மறுகா | புதன், பிற்பகல் 1.22

மாமா இந்த இழையை வாசித்தால் அடுத்த போகம் உங்கள் வீட்டுக்கு நெல் வராது.

வட்டவிதானை | புதன், இரவு 8.47

சம்பவம் பொன். வரி பிழை.

இரண்டு ரியூசனுக்குக் காசு கட்டியவரை அக்கறை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்ன கதையே உங்கள் வரியை மறுக்கிறது. இந்தத் தலைப்பில் விழக்கூடிய பெரிய குழி இதுதான். பின்தங்கிய பிள்ளையைக் கண்டதும் வீட்டில் என்ன குறை என்று தேடப் போகிறோம். அப்படித் தேடினால் பாடசாலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே கட்டுரை முடிந்துவிடும். திருத்துபவர் “குறைபாட்டு நோக்கு” என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போவார்.

சாய்ந்தமருதான் சேரும் அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார், கோபிக்க வேண்டாம் சேர். ஏழைகளிடம் கலாசாரம் இல்லை என்று பூர்தியூ சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பண்பாடு உண்டு. மாமாவுக்கு வட்டை, வாய்க்கால், விதைநெல், தண்ணீர் பங்கீடு பற்றித் தெரிந்தது அந்த ஆசிரியருக்குத் தெரியாது. ஆனால் பாடசாலை எந்த வீட்டின் பேச்சை, எந்த வீட்டின் பழக்கத்தைக் கெட்டித்தனம் என்று எண்ணிப் புள்ளி போடுகிறது? அதுதான் அவருடைய கேள்வி. 1970இல் பாஸ்ரோனுடன் சேர்ந்து பிரான்ஸின் கல்வியைப் பற்றி எழுதியபோது அவர் சுட்டியது இதைத்தான்: பாடசாலை தான் வெளிப்படையாகக் கற்பிக்காத ஒன்றைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறது. அதை வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளையைத் திறமைசாலி என்கிறது. குறை பிள்ளையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

மாமா வாங்கிய புத்தகங்களைக் கவனித்தீர்களா? 1986இல் ஆங்கிலத்தில் வந்த மூலதன வடிவங்கள் பற்றிய கட்டுரையில் இதற்கு நேரான இடம் ஒன்று இருக்கிறது. பொருளாக இருக்கும் கலாசார மூலதனத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், கைமாற்றலாம். அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை அப்படிக் கைமாற்ற முடியாது, அது ஆளுக்குள் ஊற நேரம் எடுக்கும். வழிகாட்டிப் புத்தகம் மாமா வீட்டுக்கு வந்தது. “மற்ற இரண்டும் ஏன் பிழை?” என்ற கேள்வி வரவில்லை. அது கடையில் கிடைக்காது.

இனி எழுதுங்கள். மூன்று நிபந்தனை. எழுவாயாகப் பெற்றோர் வரக்கூடாது, பாடசாலையோ வர்க்கமோ வரட்டும். ‘ஏனெனில்’ அல்லது ‘வழியாக’ ஒன்று இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக்காரரின் நல்ல காரணம் ஒன்று ‘ஆயினும்’ போட்டு உள்ளே வர வேண்டும்.

சாய்ந்தமருதான் | புதன், இரவு 9.10

கோபம் இல்லை சேர். எனக்கு அப்படித்தான் நோட்ஸ் தந்தார்கள், நானும் அப்படியே பாடமாக்கினேன். ஆனால் ஒன்று: முதலாம் வருடப் பிள்ளைக்கு ‘ஆயினும்’ எல்லாம் போட்டு நீட்டினால் வரி சிக்கிவிடும். மூன்று காரணம் பாதுகாப்பான வழி. ஃபெயில் ஆகாது.

வட்டவிதானை | புதன், இரவு 9.18

ஃபெயில் ஆகாது, உண்மை. ஒரு வரியில் அடங்காவிட்டால் இரண்டு வரியாக எழுதலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

கொக்கட்டிப்பூ | வியாழன், காலை 11.50

நேற்று இரவு நாலு தடவை எழுதி வெட்டினேன். இது கடைசியாக நின்றது:

“இலவசக் கல்வி கட்டணத் தடையை நீக்கியுள்ளது. ஆயினும், பாடசாலை தான் வெளிப்படையாகக் கற்பிக்காத பழக்கங்களையும் அறிவையும் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறது. அவை படித்த பெற்றோரின் வீடுகளிலேயே கிடைப்பதால், வர்க்கம் வருமானத்தை விடப் பெற்றோரின் கல்வி வழியாகவே அடைவை அதிகமாகத் தீர்மானிக்கிறது.”

கரைவலை | வியாழன், பிற்பகல் 3.05

நான் இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், இனிப் பொறுக்க முடியாது. எங்கள் அப்பா தோணிக்காரர், கையெழுத்து மட்டும்தான் போடுவார். அம்மா தரம் 4. நான் உயர்தரம் கணிதப் பிரிவு எடுத்து இன்று எஞ்சினியர். எங்கள் வீட்டில் யாரும் “மற்ற இரண்டும் ஏன் பிழை” என்று கேட்கவில்லை. பெற்றோர் படித்தால்தான் பிள்ளை படிக்கும் என்றால் நான் யார்?

என்னைத் தூக்கியது ஒரு கணித சேர். என்னை விழுத்தப் பார்த்ததும் கணிதம்தான். தரம் 8, 9 இரண்டு வருடமும் எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு ஆளே இல்லை. விளையாட்டு சேர் வந்து வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டுப் போவார். பத்தாம் ஆண்டில்தான் அந்த மனிதர் இடமாற்றத்தில் வந்தார், சனி ஞாயிறும் காசு வாங்காமல் படிப்பித்தார். எங்கள் வகுப்பில் படித்த வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த இரண்டு வருடம் அவர்களும் எங்களோடு சேர்ந்துதான் இருட்டில் இருந்தார்கள். வர்க்கமாம் வர்க்கம். ஆசிரியர் இருந்தால் பிள்ளை படிக்கும், இல்லாவிட்டால் படிக்காது.

சாய்ந்தமருதான் | வியாழன், பிற்பகல் 3.40

தம்பி, இலட்சத்தில் ஒருவர் நீங்கள். உங்களை வைத்துக் கோட்பாட்டை மறுக்க முடியாது.

வட்டவிதானை | வியாழன், இரவு 9.02

கரைவலைத் தம்பி இரண்டு விசயம் சொல்கிறார், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அவருடைய சொந்த வெற்றி. சாய்ந்தமருதான் சேர் சொல்வது சரி, ஒரு ஆள் ஒரு போக்கை உடைக்க மாட்டார். ஆனால் தங்கச்சியின் வரியை அவர் உடைக்கிறார், அதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் வரியில் “தீர்மானிக்கிறது” என்று இருக்கிறது. தீர்மானிக்கிறது என்றால் தப்ப வழியில்லை என்று பொருள். அப்போது ஒரே ஒரு எஞ்சினியர் போதும் வரியைக் கவிழ்க்க. “சாதகமாக்குகிறது”, “வாய்ப்பைக் கூட்டுகிறது” என்று இருந்தால் அவர் விதிவிலக்காக உள்ளேயே இருப்பார். கேள்வியில் அந்தச் சொல் இருப்பதால் நீங்களும் அதையே தூக்கிப்போட வேண்டியதில்லை தங்கச்சி. கேள்வியின் வினைச்சொல்லோடு சண்டை போடுவதும் பதில்தான். அவர் தன் கதையில் அந்தக் கணித சேரைச் சொல்லாமல் விட முடியவில்லை என்பதையும் பாருங்கள். வீட்டில் கிடைக்காததை ஒருவர் வெளியிலிருந்து கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது, ஆசிரியர் இல்லாத வகுப்பு. இது சின்ன எதிர்ப்பு இல்லை. உங்கள் கட்டுரையில் இருக்க வேண்டிய மிகப் பலமான எதிர்ப்பே இதுதான். 1966இல் அமெரிக்காவில் கோல்மன் அறிக்கை வந்தது. பாடசாலையின் வளங்களை விடக் குடும்பப் பின்னணிதான் அடைவு வேறுபாட்டைக் கூட விளக்குகிறது என்று அது சொன்னது. பூர்தியூவைப் படித்துவிட்டு அதைப் பார்த்தால் சரி, முடிந்தது என்று தோன்றும். ஆனால் 1983இல் ஹைன்மனும் லொக்ஸ்லியும் 29 நாடுகளின் தரவை வைத்து, வருமானம் குறைந்த நாடுகளில் நிலைமை வேறு என்றார்கள். அங்கே பாடசாலையின் தரமும் ஆசிரியரின் தரமும்தான் கூடுதலாக எடைபோடுகின்றன. காரணம் விளங்கக் கூடியதுதான். எல்லாப் பாடசாலையும் ஒரு அடிப்படை மட்டத்துக்கு வந்த நாட்டில் பாடசாலைக்குப் பாடசாலை வித்தியாசம் குறைவு, ஆகவே வீடு தெரியும். கணிதத்துக்கு ஆளே இல்லாத இடத்தில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் முதல் வித்தியாசம். பிற்காலத்தில் அந்த முடிவையும் கேள்வி கேட்டவர்கள் உண்டு, உலகம் முழுக்கப் பாடசாலை பரவ அந்த வேறுபாடு மறைந்துவருகிறது என்று.

ஆக, பிரான்ஸில் கண்டதை அப்படியே தூக்கி வந்து கொக்கட்டிச்சோலையில் இறக்க முடியாது. அதே நேரம் கரைவலைத் தம்பியின் “வர்க்கமாம் வர்க்கம்” என்பதையும் விட முடியாது. எந்தப் பிள்ளை ஆசிரியர் இல்லாத பாடசாலையில் மாட்டிக்கொள்கிறது? உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைகளில்தான் இருக்கும். 1சியில் கலையும் வர்த்தகமும். இரண்டாம் வகைப் பாடசாலை தரம் 11உடன் முடிந்துவிடும். 1ஏபி எட்டாத தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு யார் டவுனில் விடுதியோ உறவினர் வீடோ பார்த்துக் கொடுப்பார்? புலமைப்பரிசில் முடிந்ததும் அந்த ஆசிரியர் மகள் எங்கே போனாள் என்று தங்கச்சி சொல்லவில்லை.

கொக்கட்டிப்பூ | வியாழன், இரவு 9.20

டவுனுக்குத்தான் சேர். அப்பாவின் அக்கா வீட்டில் நின்று. மச்சான் ஊரிலேயே.

கரைவலை | வியாழன், இரவு 9.33

அப்படிப் பார்த்தால் பாடசாலையும் வர்க்கத்துக்குள் போய்விடும், எல்லாமே வர்க்கம்தான் என்று முடியும். அது வசதியான வாதம் சேர். படுவான்கரையில் படித்தவனும் படிக்காதவனும் சேர்ந்துதான் பாதிக்கப்படுகிறான். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முதல் ‘பாதை’யில் ஏறி வாவியைக் கடந்து வர வேண்டியிருந்த ஆசிரியர் பின்னேரப் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் படிப்பிப்பார். இது இடம், போர், அரசாங்கம். வர்க்கம் இல்லை.

வட்டவிதானை | வியாழன், இரவு 10.11

அது நியாயமான அடி. வர்க்கம் எல்லாவற்றையும் விளக்கும் என்றால் அது ஒன்றையும் விளக்காது. இடத்தைத் தனியாக வைத்திருக்கத்தான் வேண்டும். நான் ஒரு பாதி ஒத்துக்கொள்கிறேன், மற்றப் பாதியில் இன்னும் உங்களோடு உடன்பாடு இல்லை. இடத்தை விட்டு வெளியேறும் வசதி எல்லோருக்கும் சமமாக இல்லை.

தங்கச்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். வாதத்தின் எல்லையைச் சுருக்குங்கள். ஒரே பாடசாலைக்குள் நடப்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள், உங்கள் சம்பவமும் அதுதான். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், இரண்டு வீடு. அங்கே இடம், ஆசிரியர் இரண்டும் சமம், ஆகவே கரைவலையின் எதிர்ப்பு உள்ளே வராது. பாடசாலைகளுக்கிடையிலான வேறுபாட்டை எதிர்வாதப் பந்தியில் நேர்மையாக ஒத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு இடறல் உங்கள் வரியில் இருக்கிறது: “வருமானத்தை விட அதிகமாக”. இது அளவுக் கூற்று. இரண்டையும் அளந்து ஒப்பிட்ட தரவு கையில் இருந்தால்தான் எழுதலாம். மாமா வீடும் ஆசிரியர் வீடும் இரண்டு வீடுதான், அளவை இல்லை. உங்களால் நிறுவக் கூடியது, “வருமானத்தால் மட்டும் விளக்க முடியாது” என்பது. ஒரு படி குறைந்த கூற்று, ஆனால் நிற்கும். அதோடு மாமா, மச்சான் கதை கட்டுரைக்குள் ஆதாரமாக வரக்கூடாது. வாதத்தைக் கண்டுபிடிக்க அது உதவியது, நிறுவ உதவாது. விளக்க உதாரணமாக இரண்டு வரி வரலாம்.

நாலாம்வருசம் | வெள்ளி, காலை 8.15

நான் முதலில் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவும். ஆனால் ஒரு சந்தேகம். மாமா என்ன வர்க்கம்? எட்டு ஏக்கர், உழவு இயந்திரம் என்றால் உற்பத்திச் சாதனம் அவரிடம்தானே. மார்க்ஸ் கணக்கில் ஆசிரியர்தான் கூலிக்கு வேலை செய்பவர். என் ஆய்வேட்டில் இந்த இடத்தில் எனக்கு நன்றாக விழுந்தது.

வட்டவிதானை | வெள்ளி, காலை 8.50

இதற்காகவே உங்களை மன்னிக்கலாம். நாங்கள் இவ்வளவு நேரம் ஆசிரியர் வீட்டை மேல், மாமா வீட்டைக் கீழ் என்று பேசிக்கொண்டு வந்தோம், ஒருவரும் கேட்கவில்லை. மார்க்ஸை வைத்தால் இந்தச் சோடி தலைகீழ். சொத்தையும் படிப்பையும் இரண்டு வேறு மூலதனமாகப் பார்க்கும் பூர்தியூவின் கணக்கில்தான் இந்த இரண்டு வீடும் அர்த்தப்படும்: ஒன்றில் காசு கூட, மற்றதில் படிப்புக் கூட. தங்கச்சி, வர்க்கம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை மைய வாதத்துக்கு முந்திய வரியில் சொல்லிவிடுங்கள். மைய வாதத்துக்குள் திணிக்க வேண்டாம், மூச்சு முட்டும்.

கொக்கட்டிப்பூ | சனி, மாலை 6.30

இதோ:

“இக்கட்டுரையில் வர்க்கம் என்பது குடும்பத்தின் சொத்தையும் பெற்றோரின் கல்வியையும் தனித்தனி மூலதனங்களாகக் கொண்டு நோக்கப்படுகிறது. இலவசக் கல்வி கட்டணத் தடையை நீக்கியுள்ளபோதும், ஒரே பாடசாலையில் பயிலும் பிள்ளைகளிடையே காணப்படும் அடைவு வேறுபாட்டை வருமானத்தால் மட்டும் விளக்க முடியாது. பாடசாலை தான் வெளிப்படையாகக் கற்பிக்காத பழக்கங்களுக்கும் புள்ளி வழங்குவதால், அவற்றை வீட்டிலேயே பெறும் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது சாதகமாகிறது.”

எழுதிய பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பந்தி என்று பார்த்தேன். “இலவசக் கல்வி”க்கு ஒன்று, அதில் 1945, கன்னங்கரா. “வருமானத்தால் மட்டும்” என்பதற்கு ரியூசன் பற்றி ஒன்று. “வெளிப்படையாகக் கற்பிக்காத” என்பதற்கு இரண்டு. “ஒரே பாடசாலையில்” என்பதற்குக் கரைவலை அண்ணாவின் எதிர்ப்பு. முதலில் வீட்டு மொழி பற்றி 200 சொல் எழுதி வைத்திருந்தேன். அதற்கு வரியில் இடமே இல்லை. வெட்டுவதா, வரிக்குள் கொண்டுவருவதா?

சாய்ந்தமருதான் | சனி, இரவு 7.02

மொழியை வெட்ட வேண்டாம். எழுத்துத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறு என்பதும் பாடசாலை கற்பிக்காமல் எதிர்பார்ப்பதுதானே. என் வகுப்பில் தினம் பார்க்கிறேன். வாயால் அழகாகச் சொல்கிற பிள்ளை, “மறுகா போனம்” என்று எழுதியதற்குப் புள்ளி இழக்கிறது. அந்த இரண்டு பந்தியில் ஒன்றாக வையுங்கள்.

மறுகா | சனி, இரவு 7.05

என் பேரை எழுதினால் புள்ளி குறையுமா?

வட்டவிதானை | சனி, இரவு 8.20

சாய்ந்தமருதான் சேர் சொல்வதுதான் சரி, எனக்கு அது தோன்றவில்லை. மொழியைத் தனிக் காரணமாக வைத்தால் பட்டியல், ‘கற்பிக்காமல் எதிர்பார்ப்பது’ என்பதற்கு உதாரணமாக வைத்தால் வாதம். ஆனால் எழுத்துத் தமிழைப் பாடசாலை வெளிப்படையாகவே கற்பிக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம், அதற்கு அந்தப் பந்தியில் ஒரு வரி பதில் வையுங்கள்.

வரியில் ஒரு சொல் மட்டும்: “அது சாதகமாகிறது” என்பதில் ‘அது’ பாடசாலையா, புள்ளி வழங்குவதா? “அந்த மதிப்பீடு சாதகமாகிறது” என்று போடுங்கள். மற்றது நிற்கும்.

கரைவலை | சனி, இரவு 9.44

“ஒரே பாடசாலையில்” என்று எழுதி என்னை ஒரு பந்திக்குள் அடைத்துவிட்டீர்கள். பெரிய வித்தியாசம் பாடசாலைக்கும் பாடசாலைக்கும் இடையில்தான் என்று இன்னும் சொல்கிறேன். பரவாயில்லை, அடுத்த செமெஸ்டரில் அதற்கும் ஒரு ஒப்படை வரும். எதிர்ப்புப் பந்தியில் கணிதத்துக்கு ஆள் இல்லாத கதையைப் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள், பாடசாலையின் பேரை மட்டும் எழுத வேண்டாம். விளையாட்டு சேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.